ஆறுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஒரு புள்ளி

நாங்கள் ஒட்டிய தாளை முதலில் பிழை பிடித்தது ஒரு பேராசிரியர் இல்லை, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற ஒரு பெரியம்மா. கையில் கிளினிக் கொப்பி இருந்தது. அதில் அவருடைய ஹீமோகுளோபின் 8.4 என்று எழுதியிருந்தது. எங்கள் தாளில் "60-90 உள்ளவர்களுக்குத்தான் இரத்தசோகை கூட" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம் புள்ளைங்களா, அறுபது இருக்கிறவளுக்கே வருத்தமின்னா, எட்டு இருக்கிற நான் எப்புடி உசுரோட நிக்கிறேன்?"

எல்லோரும் சிரித்தோம். அன்றிரவே தாளைக் கிழித்தோம். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக எங்களுக்குள்ளே நடந்த வாக்குவாதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் அந்தப் பிழை வெறும் எழுத்துப்பிழை இல்லை என்று எங்களுக்கு இப்போது தெரியும்.

கதை இப்படித் தொடங்கியது. எங்களில் ஒருத்தி நூலகத்தில் பழைய சஞ்சிகைத் தொகுதி ஒன்றைப் புரட்டும்போது, 1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையைக் கண்டாள். எட்ஜர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன என்று ஐந்து பேர் எழுதியது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, வேலை செய்யும் திறனை என்ன செய்கிறது என்பது பொருள். ஆராய்ச்சி நடந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். ஐவரில் செனவிரத்ன பேராதனையில் மருத்துவம் கற்பித்தவர். நம்முடைய அம்மம்மாமார் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்து உலக சஞ்சிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் அவளுக்குக் கை பரபரத்துவிட்டது. ஃபோனில் சார்ஜும் இல்லை. ஒரே ஒரு படம், கட்டுரையின் சுருக்கம் இருந்த பகுதி மட்டும், டியூப்லைட் வெளிச்சத்தில். அதை வாட்ஸ்அப்பில் குழுவுக்குப் போட்டாள். வாட்ஸ்அப் படத்தை நசுக்கிச் சின்னதாக்கி அனுப்பியது.

அந்தச் சுருக்கம் ஒரே பந்தி, ஏழெட்டு வசனங்கள். இன்றைக்கு மருத்துவ சஞ்சிகைகளில் நாம் பார்க்கிற மாதிரி பின்னணி, முறை, பெறுபேறு, முடிவு என்று தலைப்புப் போட்டுப் பிரித்திருக்காது. அப்படிப் பிரித்து எழுதவேண்டும் என்ற யோசனையே 1987இல்தான் ஓர் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையில் முறையாக முன்வைக்கப்பட்டது. ஆக 1979இன் பந்தியை நாங்களே பிரித்து, தமிழில், லயத்தில் இருக்கிறவர்களுக்கு வாசிக்கத் தருவோம் என்று முடிவெடுத்தோம். விதி ஒன்றே ஒன்று: இலக்கத்தில் கை வைக்கக்கூடாது. சுலபமான விதி என்று நினைத்தோம்.

முதலில் அந்தப் புள்ளி. அந்தக் காலத்துப் பிரித்தானிய அச்சில் தசமப் புள்ளியை வரியின் அடியில் வைக்கமாட்டார்கள், இலக்கத்தின் நடு உயரத்தில் வைப்பார்கள். லான்செட் சஞ்சிகையும் நெடுங்காலம் அப்படித்தான் வைத்தது. கண்ணால் பார்த்தால் தெரியும், நசுங்கிய படத்தில் அது ஒரு தூசி. தட்டச்சு செய்தவனுக்கு 6·0-9·0 என்பது 60-90 ஆகத் தெரிந்தது. அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் ஹீமோகுளோபினை லீற்றருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறது. நம் ஊர் அறிக்கைகளில் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு இத்தனை கிராம் என்று வரும். பத்து டெசிலீற்றர் ஒரு லீற்றர். அதனால் டெசிலீற்றருக்கு 6.0 கிராம் என்பதும் லீற்றருக்கு 60 கிராம் என்பதும் ஒரே இரத்தம்தான். அவன் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறான், 60, 80, 120 என்று இலக்கங்கள் வந்திருக்கின்றன, சரிதான் என்று விட்டுவிட்டான். ஆனால் படத்தில் இருந்த அலகு டெசிலீற்றர். எங்கள் தாளில் அலகே இல்லை. பெரியம்மாவின் கொப்பிக்கும் எங்கள் தாளுக்கும் நடுவில் விழுந்தது ஒரு புள்ளியும் ஓர் அலகும். இலக்கத்தை மாற்றாதே என்றால் அலகையும் மாற்றாதே, விடாதே என்று அர்த்தம். நாங்கள் அதை விதியில் எழுதவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. டெசிலீற்றருக்கு 60 கிராம் ஹீமோகுளோபின் எந்த மனுசருக்கும் இருக்க முடியாது. சாதாரணமாகப் பன்னிரண்டிலிருந்து பதினேழுக்குள்தான். தாதியர் பயிற்சியில் இருக்கிற எங்கள் தோழி ஒருத்தி அந்த இலக்கத்தைக் கண்டவுடன் "இது இரத்தமா, கருங்கல்லா?" என்று கேட்டாள். ஒட்டுவதற்கு முன் அவளிடம் காட்டியிருக்கலாம். ஒட்டிய பிறகுதான் காட்டினோம்.

புள்ளியைத் திருத்தியபின் இன்னொரு ஆசை வந்தது. 6.0-9.0 என்று போட்டால் யாருக்கு விளங்கும், "கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள்" என்று போடலாமே என்று ஒருத்தர். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு 8க்குக் கீழேதான் கடுமை. அந்த ஆராய்ச்சியின் கூட்டத்தில் 8.5 உள்ளவரும் இருக்கலாம், 9.0 உள்ளவரும் இருக்கலாம். போதாததற்கு, உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த எல்லைகளைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கவேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி எந்த உயரத்தில் நடந்தது என்று சுருக்கம் சொல்லவில்லை. இலக்கத்தை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்தால், ஆராய்ச்சியாளர்கள் சொல்லாத ஒரு தீர்ப்பை நாங்கள் அவர்கள் வாயில் வைக்கிறோம். எனவே 6.0-9.0 அப்படியே நிற்கட்டும் என்று விட்டோம்.

இனிப் பிரிப்பு. சுருக்கத்தின் வசன ஒழுங்கு இப்படி இருந்தது: முதல் வசனம் முறை, அடுத்த இரண்டும் பெறுபேறு, நாலாவது மறுபடி முறை, ஐந்தாவது மறுபடி பெறுபேறு, மிச்சம் முடிவு. அதாவது ஒரே பந்திக்குள் இரண்டு சோதனைகள். ஒன்று, ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்பது. மற்றது, அன்றாட வாழ்க்கையில் உடல் எவ்வளவு அசைகிறது என்று 24 மணிநேரம் விடாமல் பதிந்தது. நாலாவது வசனத்தை வெட்டி முறைக்குக் கொண்டுபோனோம். சரி. அடுத்ததாக ஐந்தாவது வசனத்தைப் பெறுபேற்றில் வைத்தோம். அது "இந்த மட்டங்கள்" என்று தொடங்குகிறது. எந்த மட்டங்கள்? பழைய பந்தியில் அதற்கு முன்னால் உடல் அசைவு நின்றது. எங்கள் தாளில் அதற்கு முன்னால் கொழுந்தும் ஹீமோகுளோபினும் நின்றன. வாசிக்கிறவர் ஹீமோகுளோபின் மட்டம் என்றுதான் எடுப்பார். ஒரு இலக்கமும் மாறவில்லை, ஒரு சொல்லும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வசனத்தை இடம் மாற்றினால் அதன் சுட்டுச்சொல்லை அவிழ்த்துப் பெயரை வைத்துத்தான் ஆகவேண்டும். மாற்றக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றவே சில இடத்தில் சொல்லை மாற்றவேண்டி இருக்கிறது.

காலக்கணக்கும் இப்படித்தான். கொழுந்துக் கணக்கு ஒரு மாதச் சிகிச்சைக்குப் பிறகு. உடல் அசைவுக் கணக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு. முதல் வரைவில் "சுமார் ஒரு மாதத்தில்" என்று இரண்டையும் ஒன்றாக்கியிருந்தோம். வேறொருவர் ஒரு மாதத்தை "30 நாட்கள்" என்று மாற்றினார், துல்லியமாக இருக்கட்டும் என்று. அது துல்லியமில்லை, கற்பனை. அவர்கள் மாதம் என்று எழுதினால் நாமும் மாதம்.

எங்களை அதிகம் சண்டை போட வைத்தது ஒப்பீடு. "மாத்திரை சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிடக் கூடக் கொழுந்து எடுத்தார்கள்" என்று எழுதியிருந்தோம். வாசிக்க இலகு. ஆனால் படத்தை நாலு தடவை பெருப்பித்துப் பார்த்தபோது, கொழுந்தைப் பற்றிய வசனம் அப்படிச் சொல்லவில்லை. இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் உயர்ந்தபோது, உயராதபோது இருந்ததைவிடக் கூடப் பறிக்கப்பட்டது என்கிறது. மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் உயராத ஒருவர் எந்தப் பக்கம்? வசனத்தின்படி அவர் உயர்ந்தவர் பக்கம் இல்லை. உடல் அசைவைப் பற்றிய வசனத்தில்தான் நேரான ஒப்பீடு: இரும்பு பெற்றவர்கள் ஒரு புறம், அவர்களுக்கு நிகராகத் தெரிந்தெடுத்து வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் மறுபுறம். இரண்டு சோதனை, இரண்டு விதமான ஒப்பீடு. ஒன்றாக்கினால் தாள் அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் வருகிற ஒரு சொல்லைத் தமிழில் "குறிப்பிடத்தக்க அளவு" என்று எழுதினோம். நம் காதில் அது "ரொம்ப" என்று விழும். அவர்கள் சொன்னது அதில்லை: இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்புக் குறைவு என்று புள்ளிவிபரக் கணக்குக் காட்டுகிறது, அவ்வளவே. அரைக்கிலோ கூட அப்படி இருக்கலாம், ஐந்து கிலோவும் இருக்கலாம். எத்தனை கிலோ என்று சுருக்கத்தில் இல்லை. எத்தனை பெண்கள் என்றும் இல்லை. பெண்கள் என்ற சொல்லே இல்லை. இலங்கை என்றும் இல்லை!

இந்த ஓட்டைகள் பந்தியாக இருந்தவரைக்கும் எங்கள் கண்ணில் படவில்லை. நாலு தலைப்பைப் போட்டு வசனங்களை அதன் கீழே வைத்தபின்தான் முறைக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் தெரிந்தது. கட்டுரை 1546ஆம் பக்கத்தில் தொடங்கி 1549இல் முடிகிறது. மிச்சப் பக்கங்களைப் படித்து நிரப்பலாமே என்று கேட்டார்கள். படிக்கத்தான் வேண்டும், ஆனால் அது வேறு வேலை. சுருக்கம் என்பது ஒரு கூற்று, கட்டுரை இன்னொன்று, இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 1999இல் பிட்கினும் அவருடன் சேர்ந்தவர்களும் பெரிய ஆறு மருத்துவ சஞ்சிகைகளின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டுரையில் இல்லாத, அல்லது கட்டுரையோடு முரண்படுகிற தரவு கொண்ட சுருக்கங்கள் சஞ்சிகைக்குச் சஞ்சிகை 18 வீதத்திலிருந்து 68 வீதம் வரை இருந்தன. இரண்டையும் கலந்து ஒரே தாளில் போட்டால் பிழை எங்கே இருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து எடுத்ததை வெளியே, கோட்டுக்குக் கீழே, எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதி வைப்போம் என்பது எங்கள் தீர்மானம்.

பின்னணி என்ற தலைப்புக்குக் கீழே எதுவுமே இல்லை. சுருக்கம் பின்னணியே சொல்லாமல் நேரே வேலையில் இறங்குகிறது. இதில்தான் எங்களுக்குள்ளே கொஞ்சம் மனக்கசப்பு வந்தது. ஒருத்தன் சொன்னான்: "1973, 74 பஞ்சத்தை எழுதுவோம். தோட்டத்துல சனங்கள் பட்டினியால செத்தாங்க. 75ல கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச்சு. அதை விட்டா இந்த இரத்தசோகைக்கு வேற என்னா பின்னணி?" அவனுடைய அம்மம்மா அந்தக் காலத்தில் மரவள்ளியும் கீரையும் தின்று பிழைத்தவர். அவன் சொன்னது உண்மை. அதை எழுதவேண்டும் என்பதும் சரி. ஆனால் அந்தத் தலைப்புக்குக் கீழே எழுதினால், அதை எட்ஜர்டனும் செனவிரத்னவும் சொன்னார்கள் என்று வாசிக்கிறவர் நம்புவார். நாளைக்கு ஒருவர் மூலத்தைத் திறந்து பார்த்து, "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொன்னால், பஞ்சமே பொய் என்று ஆகிவிடும். நம்முடைய வரலாற்றை அடுத்தவர் சுருக்கத்துக்குள் ஒளித்து வைக்கத் தேவையில்லை. அவன் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சரி என்றான்.

முடிவு என்ற தலைப்பிலும் பிரச்சினை. முதல் தாளில் பெறுபேற்றை "முடிவுகள்" என்றும் கடைசிப் பகுதியை "முடிவு" என்றும் போட்டிருந்தோம். ஒரு "கள்"தான் வித்தியாசம். அளந்ததும் அபிப்பிராயமும் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. நமக்குப் பெறுபேறு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சை எழுதிய எல்லோருக்கும் அது வயிற்றைக் கலக்கும். அதையே எடுத்தோம்.

அந்தக் கடைசிப் பகுதியில் இரண்டு விஷயம். இரும்புச்சத்தால் வேலைத்திறன் கூடுவதன் பொருளாதாரப் பலன் வெளிப்படையானது, முக்கியமாக வளர்முக நாடுகளில், என்பது ஒன்று. இரத்தசோகை உள்ளவர்களுக்குக் களைப்பும் பலவீனமும் இருக்கிறது என்று மருத்துவர்கள் நினைத்து வந்ததற்கு இது வலுவான சான்று, அவர்களின் செயற்பாடு குறைந்திருக்கலாம் என்பது மற்றது. முதலாவதை எடுத்துவிடுவோம் என்று எங்களில் பலர் சொன்னார்கள். காரணம் அதே பெரியம்மா. பழைய தாளில் அந்த வரியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இத தொர பாத்தாருன்னா குளுசையக் குடுத்துட்டு கிலோவக் கூட்டிருவாரு." நம்ம ஊரில் அது பகிடி இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று கிலோ கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர். ஒரு மருந்து வேலையைக் கூட்டும் என்ற வரி யார் கையில் போகிறது என்பது பெரிய கேள்விதான்.

ஆனாலும் எடுக்கவில்லை. எடுத்தால் நாங்களும் இலக்கத்தை மாற்றுகிறவர்கள் மாதிரித்தான். அதோடு, தலைப்புப் பிரித்ததால் அந்த வரியின் பலம் எவ்வளவு என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. பெறுபேற்றுப் பகுதியைப் பாருங்கள்: அங்கே ரூபாயும் இல்லை, சம்பளமும் இல்லை, செலவும் இல்லை. அளந்தது கொழுந்தும் உடல் அசைவும் மட்டும். பொருளாதாரப் பலன் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து, முடிவுப் பெட்டிக்குள் மட்டும் நிற்கிறது. அந்தப் பலன் யாருக்குப் போகவேண்டும் என்று அவர்கள் சொல்லவுமில்லை. பந்தியாக இருந்தபோது கொழுந்து கூடியதும் இலாபம் கூடுவதும் ஒரே மூச்சில் வந்தன. "குறைந்திருக்கலாம்" என்பதையும் "குறைகிறது" என்று நாங்கள் இறுக்கவில்லை. அந்த "லாம்" அவர்களுடையது.

இப்போது ஒட்டியிருக்கும் தாள் இது.

பின்னணி: சுருக்கத்தில் தரப்படவில்லை.

முறை: இரும்புச்சத்து அல்லது வெற்று மாத்திரை கொடுப்பதற்கு முன்பும் பின்பும், ஒரு நாளில் பறிக்கப்பட்ட கொழுந்தின் அளவு ஆராயப்பட்டது. இரத்தசோகை உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்கள் அன்றாடச் சூழலில் எவ்வளவு உடல் அசைவோடு இருக்கிறார்கள் என்பது 24 மணிநேரம் தொடர்ச்சியாகப் பதியப்பட்டது. எத்தனை பேர் என்று சுருக்கத்தில் தரப்படவில்லை.

பெறுபேறுகள்: ஒரு மாதச் சிகிச்சைக்குப் பின், இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் உயர்ந்தபோது, உயராதபோது இருந்ததைவிடக் கூடுதலான கொழுந்து பறிக்கப்பட்டது (புள்ளிவிபரக் கணக்கில் உறுதியான வித்தியாசம், எத்தனை கிலோ என்று தரப்படவில்லை). இரத்தசோகை அதிகமாக இருந்தவர்களில், அதாவது ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6.0-9.0 கிராம் உள்ளவர்களில், முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. உடல் அசைவின் மட்டம், மூன்று வாரங்களின் பின், நிகரான வெற்று மாத்திரைக்காரர்களைவிட இரும்புச்சத்துப் பெற்றவர்களில் அதிகமாக இருந்தது (இதுவும் புள்ளிவிபரக் கணக்கில் உறுதி).

முடிவு: வேலைத்திறன் கூடுவதன் பொருளாதாரப் பலன் வெளிப்படையானது, குறிப்பாக வளர்முக நாடுகளில். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை உள்ளவர்களுக்குக் களைப்பும் பலவீனமும் உண்டு என்ற மருத்துவ அபிப்பிராயத்துக்கு இந்தப் பெறுபேறுகள் வலுவான சான்று. அதனால் அவர்களின் செயற்பாட்டு மட்டம் குறைந்திருக்கலாம்.

ஒட்டுவதற்கு முன் இந்த முறை இரண்டு பேர் உட்கார்ந்தோம். ஒருத்தர் படத்தைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்க, மற்றவர் தாளில் அடிக்கோடு போட்டார். மொத்தம் ஐந்து: ஒரு மாதம், 6.0, 9.0, 24 மணிநேரம், மூன்று வாரம். மூலத்தில் ஐந்து, தாளில் ஐந்து. பிறகு அலகுகளைத் தனியாக ஒரு தடவை. நூலகத்துக்குத் திரும்பிப் போனவள் அந்தப் புள்ளியைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தினாள். புத்தகம் தைத்த ஓரத்தில் வளைந்து இருட்டாக இருந்ததால் ஒரு வரியின் முதல் எழுத்துகளையும் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியம்மா புதுத் தாளையும் பார்த்தார். கொப்பியைத் திறந்து 8.4ஐ விரலால் தொட்டு, தாளில் 6.0-9.0ஐத் தொட்டார். "அப்ப நான் இந்தக் கூட்டத்துலதான் இருக்கேன்" என்றார். பிறகு பின்னணி என்ற தலைப்பைக் காட்டி, "இது ஏன் சும்மா கிடக்கு?" என்று கேட்டார். அவங்க சொல்லல்ல பெரியம்மா என்றோம். "எங்கிட்ட கேட்டா நான் சொல்லுவேனே" என்று சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தார். பஞ்சத்தை எழுதச் சொன்ன எங்கள் நண்பன் வேறொரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.